ஐந்து நொடிக்கு ஒரு பக்கம்

அனுபவக் கட்டுரை எழுதுகிறவர்களில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊர், குடும்பம், பின்னணி என்று மூன்று பக்கத்துக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். எந்த நொடிக்காக அந்தக் கட்டுரையே எழுதப்பட்டதோ, அந்த நொடி வந்ததும் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். "டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். என் உலகமே இருண்டுவிட்டது." வாசகர் அங்கே நின்று பார்க்கலாம் என்று தயாராகும்போது, கட்டுரை பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருக்கும்.

தேர்ந்த கட்டுரையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து வருடத்தை நான்கு வரியில் முடிக்கிறார்கள். ஐந்து நொடிக்கு ஒரு முழுப் பக்கம் தருகிறார்கள். படிப்பவருக்கு அந்த இடத்தில் காலம் மெதுவாக நகர்வதுபோல இருக்கிறது. இதைப் பிறவித் திறமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் கைக்கு வரக்கூடிய வேலைதான்.

ஆர்வெலின் யானை

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் வெளியிட்ட 'ஷூட்டிங் அன் எலிஃபன்ட்' கட்டுரை. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். மோல்மீன் நகரில் மதம் பிடித்த ஒரு வளர்ப்பு யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு கடைத்தெருவில் புகுந்துவிடுகிறது. தென்னிந்தியாவிலிருந்து பிழைக்கப்போன ஒரு கூலித் தொழிலாளியை மிதித்துக் கொன்றுவிடுகிறது. போலீஸ்காரர் துப்பாக்கியை வரவழைக்கிறார். அவர் போய்ப் பார்க்கும்போது யானை மதம் தணிந்து, வயலில் நின்று புல் தின்றுகொண்டிருக்கிறது. சுடத் தேவையில்லை. ஆனால் பின்னால் இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால் கோழையாகத் தெரியக்கூடாது என்பதற்காக அவர் சுடுகிறார்.

இந்தக் கட்டுரையில் எந்த நேரத்துக்கு எவ்வளவு இடம் தரப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். பர்மாவில் அவர் கழித்த வருடங்களும் மக்கள் அவர்மேல் கொண்டிருந்த வெறுப்பும் தொடக்கப் பத்திகளிலேயே முடிந்துவிடுகின்றன. யானையைத் தேடிப் போனது வேகமாகச் சொல்லப்படுகிறது. விசையை இழுத்ததும் நடை மாறுகிறது.

குண்டு வெடித்த சத்தம் சுட்டவருக்குக் கேட்கவில்லை. துப்பாக்கி தோளில் உதைத்ததும் தெரியவில்லை. கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் கேட்கிறது. யானை விழவில்லை, அசையவும் இல்லை. ஆனால் அதன் உடம்பின் ஒவ்வொரு கோடும் மாறிவிடுகிறது. சுருங்கிப் பெருங்கிழமாகிவிட்டதுபோல் தெரிகிறது. நெடுநேரம் ஆனதுபோலத் தோன்றிய பிறகு அது மண்டியிடுகிறது. அந்த நெடுநேரம் ஐந்து நொடி இருக்கலாம் என்று ஆர்வெலே சொல்லிவிடுகிறார். வாயில் எச்சில் வழிகிறது. இரண்டாவது குண்டு பாய்கிறது. விழாமல், தள்ளாடி எழுந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. மூன்றாவது குண்டு. பின்கால்கள் மடியும்போது யானை ஒரு கணம் மேலே உயர்வதுபோல் தெரிகிறது, தும்பிக்கை வானத்தை நோக்கிப் போகிறது. அப்போதுதான் முதலும் கடைசியுமாக ஒருமுறை பிளிறுகிறது. பிறகு தரை அதிர விழுகிறது.

சுட்டவர் அங்கே நிற்க முடியாமல் போய்விடுகிறார். அதன்பின் அந்த யானை சாக அரைமணி நேரம் பிடித்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டதாக ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறார். ஐந்து நொடிக்குப் பல வாக்கியங்கள், அரைமணி நேரத்துக்கு ஒன்று. எந்த நேரம் கடிகாரத்தில் பெரியது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை; எந்த நேரத்தில் ஒரு மனிதன் தவறு செய்தான் என்பதுதான் முக்கியம்.

இன்னும் ஒன்று. யானை விழும் அந்தப் பகுதியில் தன் மனம் என்ன பாடுபட்டது என்று ஆர்வெல் விவரிக்கவில்லை. அந்தப் பாடு முழுவதும் யானையின் முழங்காலிலும் வாயிலும் தும்பிக்கையிலும் இருக்கிறது. "எனக்கு வேதனையாக இருந்தது" என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தோடு வேதனை தீர்ந்துபோயிருக்கும்.

நினைவு எப்படி நீளுகிறது

இப்படி நீட்டுவது மிகைப்படுத்தல் ஆகாதா, நடந்ததைவிடப் பெரிதாகக் காட்டுவது ஆகாதா என்று சந்தேகம் வரலாம். விபத்தில் சிக்கியவர்கள் பலரும் எல்லாமே மெதுவாக நடந்ததுபோல இருந்தது என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க அமெரிக்க மூளை ஆய்வாளர் டேவிட் ஈகிள்மேனும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். தன்னார்வலர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து கீழே கட்டிய வலையில் மல்லாக்க விழவைத்தார்கள். கையில் கட்டிய சிறு திரையில், சாதாரணமாகப் படிக்க முடியாத வேகத்தில் எண்கள் மாறி மாறி மின்னின. காலம் உண்மையிலேயே மெதுவானால் விழும்போது அந்த எண்களைப் படித்துவிட முடிய வேண்டும். முடியவில்லை. ஆனால் தாங்கள் விழுந்தது எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது, மற்றவர்கள் விழுந்ததைப் பார்த்துக் கணித்த நேரத்தைவிடச் சராசரியாக 36 சதவீதம் அதிகமாகச் சொன்னார்கள்.

ஈகிள்மேன் தரும் விளக்கம் இது: பயந்த நேரத்தில் மூளை வழக்கத்தைவிட நெருக்கமாக விவரங்களைப் பதிந்துவைக்கிறது. பிறகு திரும்பிப் பார்க்கும்போது அத்தனை விவரங்களும் ஒரு குறுகிய நேரத்துக்குள் இருப்பதால், அந்த நேரமே நீளமாகத் தோன்றுகிறது.

எழுதுகிறவருக்கு இதில் நேரான பாடம் இருக்கிறது. ஒரு நொடியை நீளமாக்குவது அதில் அடங்கிய விவரங்களின் நெருக்கம். "அந்த நொடி ஒரு யுகமாகத் தோன்றியது" என்று எழுதினால் வாசகருக்கு நேரம் நீளாது. அந்த நொடிக்குள் நடந்த பத்துச் சிறு காரியங்களை வரிசையாகக் காட்டினால் நீளும்.

ஒரு கையெழுத்து

ஓர் உதாரணத்தைச் செய்தே பார்ப்போம். குடும்ப நிலத்தை விற்றதைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதியில் இப்படி இருக்கிறது:

"பத்திர ஆபீஸுக்குப் போனோம். அப்பா கனத்த மனதோடு பேனாவை வாங்கி, குனிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைமுறை தலைமுறையாக இருந்த நிலம் எங்களைவிட்டுப் போனது."

முதல் வேலை, எந்த நொடியை நீட்டுவது என்று முடிவு செய்வது. நிலம் விற்ற கதையில் பல இடங்கள் உண்டு: விலை பேசியது, முன்பணம் வாங்கியது, கையெழுத்து, கடைசியாக ஒருமுறை வயலுக்குப் போனது. எதைத் தேர்வது? நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: நடந்தது நடக்காமல் போயிருக்கக்கூடிய கடைசி நொடி எது? இங்கே அது, பேனா முனை தாளைத் தொட்டதற்கும் கை நகர்ந்ததற்கும் இடையில் இருந்த சில நொடிகள். ஆர்வெலின் கட்டுரையிலும் விசையை இழுத்த விரல்தான் திருப்பம்.

இரண்டாவது வேலை, ஒரு தனித்தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் ஒழுங்கில்லாமல் எழுதுவது. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, என் கை என்ன செய்துகொண்டிருந்தது, யார் எங்கே நின்றார்கள், என்ன நினைத்தேன், சம்பந்தமில்லாத எது கவனத்தில் பட்டது. இதில் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் தங்கம். மூன்றாவது வேலை, அவற்றை நடந்த வரிசையில் அடுக்குவது. அந்தச் சில நொடிக்குள் நடந்திருக்க முடியாததை அடித்துவிடுவது. அதன்பிறகு எழுதினால் இப்படி வரலாம்:

"பத்திர எழுத்தர் கடைசித் தாளைத் திருப்பினார். அப்பா பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார். அது பொருந்தவில்லை. கழன்று மேஜைமேல் உருண்டது. எழுத்தர் அதைக் கையால் மறித்து, 'இங்கதாங்க ஐயா' என்று விரலை வைத்தார். அவர் நகத்தில் ஸ்டாம்ப் மை ஒட்டியிருந்தது. அப்பா குனிந்தார். பேனா முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது. கை நகரவில்லை.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழும்பியது. நான் அதை விரலால் அழுத்திப் பிடித்தேன். கையெழுத்துக்கு மேலே சொத்து விவரம் இருந்தது. வண்டிப்பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கெல்லை. அப்பாவின் உதடு அசைந்தது, அதைத்தான் வாசிக்கிறார். அந்த வண்டிப்பாதையில் எருவண்டியின் முன்பக்கம் என்னை உட்காரவைத்துக் கூட்டிப் போவார். வெளியே டோக்கன் நம்பரை யாரோ கூப்பிட்டார்கள். வாங்குகிறவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தால் 'வேண்டாம்ப்பா' என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் நிமிரவில்லை. என் விரலும் தாளைவிட்டு எழவில்லை.

பேனா நகர்ந்தது. முதலெழுத்து, புள்ளி, பிறகு பெயர். என் ரேங்க் கார்டில் போடுகிற அதே கையெழுத்து. அடியில் வழக்கமாக இழுக்கும் கோட்டை மட்டும் இழுக்கவில்லை. 'அவ்வளவுதானா?' என்று கேட்டார்."

கடிகாரப்படி இது பதினைந்து நொடி இருக்கும். வாய்விட்டுப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். "கனத்த மனம்" போய்விட்டது. "தலைமுறை தலைமுறையாக" போய்விட்டது. அதற்குப் பதில் முதல் பிரதியில் இல்லாத ஒன்று வெளியே வந்திருக்கிறது. அப்பா கையெழுத்திட வசதியாகத் தாளை அழுத்திப் பிடித்திருந்தது மகனின் விரல். அவன் பேசவில்லை. இந்தக் கட்டுரை நிலத்தைப் பற்றியது என்று நினைத்து எழுத உட்கார்ந்தவருக்கு, அது அந்த மௌனத்தைப் பற்றியது என்று இப்போது தெரியவரும். அந்த நொடியை மெதுவாக்கியதால் எழுதுகிறவருக்கே கிடைத்த லாபம் இது.

வினைமுற்றில் இருக்கிறது வேகம்

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழில் உள்ள ஒரு நுட்பம் தெரியும். "வாங்கி, குனிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்ற வாக்கியத்தில் மூன்று செயல்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் வினையெச்சங்கள். நம் மொழியில் எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம்; வாசகர் எதிலும் நிற்காமல் கடைசி வினைமுற்றை நோக்கி ஓடுவார். நடந்ததைச் சுருக்கிச் சொல்ல இதைவிட நல்ல வசதி இல்லை. ஆனால் மெதுவாக்க வேண்டிய இடத்தில் இதே வசதி எதிரியாகிவிடும். அங்கே சங்கிலியை அறுக்க வேண்டும். "அப்பா குனிந்தார். பேனா முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது." ஒவ்வொரு வினைமுற்றும் வாசகரை ஒரு கணம் நிறுத்துகிறது.

துணைவினைக்கும் இதில் பங்கு உண்டு. "போட்டுவிட்டார்" என்றால் கதவு மூடிவிட்டது, காரியம் முடிந்துபோனது. "பார்த்துக்கொண்டிருந்தார்" என்றால் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நீட்டும் பகுதிக்குள் "விட்டார்", "விட்டது" என்ற முடிவுகள் நிறைய இருந்தால் காலம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அவற்றில் பாதியை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அதற்காக எல்லா வாக்கியத்தையும் மூன்று சொல்லில் வெட்டிக்கொண்டே போனால் தந்தி மாதிரி ஆகிவிடும். எழுத்தர் மூடியை மறித்து விரலை வைக்கும் வாக்கியம்போல, நடுநடுவே ஓர் எச்சத்தொடர் வந்தால்தான் குறுகிய வாக்கியங்களுக்கு அழுத்தம் கிடைக்கும்.

எங்கே கெடுகிறது

அதிகம் நடக்கும் தவறு, காலத்தை மெதுவாக்குவதாக நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுவது. பிரெஞ்சு இலக்கிய ஆய்வாளர் ழெரார் ழெனெத் 1972-இல், கதை சொல்வதில் உள்ள வேகங்களை வகைப்படுத்தினார். ஒன்றைச் சொல்லாமல் தாண்டுவது, சுருக்குவது, நடந்த வேகத்திலேயே காட்டுவது, கதையை நிறுத்திவிட்டு விவரிப்பது என்று அவருடைய பட்டியல் நான்கு. 1978-இல் அமெரிக்கரான சீமோர் சாட்மன் அதில் ஐந்தாவதாக நீட்சியைச் சேர்த்தார். நிறுத்தத்துக்கும் நீட்சிக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்குத் தேவை. நிறுத்தத்தில் கடிகாரம் நின்றுபோகிறது. நீட்சியில் கடிகாரம் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

பேனா தாளில் பட்ட இடத்தில், எருவண்டியில் போன நாட்களை ஒரு பக்கத்துக்கு எழுதினால் அது நிறுத்தம். வாசகர் பத்திர ஆபீஸைவிட்டு வெளியேறிவிடுவார். திரும்பி வரும்போது சூடு ஆறியிருக்கும். பழைய நினைவுக்கு ஒரு வாக்கியம் போதும். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே டோக்கன் நம்பர் கேட்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி: எழுதிய பகுதியில், கடிகாரம் நகர்ந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சேர்ந்தாற்போல மூன்று நான்கு வாக்கியங்களுக்குக் கோடு விழவில்லை என்றால் காலம் அங்கே நின்றுவிட்டது.

இரண்டாவது தவறு, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. சினிமாவில் ஸ்லோ மோஷன் போட்டால் ஒரே அசைவை நீட்டிக் காட்ட முடியும். கண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எழுத்தில் அது நடக்காது. "கை மெல்ல நகர்ந்தது, மெல்ல மெல்ல நகர்ந்தது" என்பதில் இரண்டாவது பாதி வாசகருக்கு எதையும் தரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவர ஒன்றும் இல்லாவிட்டால், அந்த நொடி ஒரு பக்கத்தைத் தாங்காது என்று ஏற்றுக்கொண்டு அரைப் பக்கத்தோடு நிறுத்துவதே நல்லது.

மூன்றாவது, ஒரே கட்டுரையில் நான்கு இடங்களில் நீட்டுவது. சுற்றியுள்ளது வேகமாக ஓடினால்தான் ஓரிடம் மெதுவாகத் தெரியும். நிலம் விற்ற கட்டுரையில், அதற்கு முந்தைய வறட்சி, அக்கா கல்யாணம், வங்கி நோட்டீஸ் எல்லாம் ஒரே பத்தியில் முடிய வேண்டும். கையெழுத்துக்குப் பிறகும் அதிகம் பேசக்கூடாது.

கடைசியாக, உண்மை. ஒரு பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் நடக்காததைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஆர்வெல் உண்மையிலேயே யானையைச் சுட்டாரா என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே விடாத கேள்வி அது. அனுபவக் கட்டுரை என்று பெயர் போட்டு எழுதும்போது, "இது நடந்தது" என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறோம். பேனா மூடியின் நிறம் நினைவில்லை என்றால் நிறத்தைச் சொல்லாமல் விடுங்கள். யார் பேசினார்கள் என்பது மறந்துபோயிருந்தால் "யாரோ" என்று எழுதுங்கள். பின்னால் தெரிந்துகொண்டதை அந்த நொடியிலேயே தெரிந்ததுபோல எழுதாதீர்கள். நினைவில் உள்ள ஆறு விவரங்கள், கற்பனையில் சேர்த்த இருபதைவிட வலுவாக நிற்கும்.

உங்களிடம் பாதியில் நிற்கும் கட்டுரை ஒன்று இருந்தால், அதை எடுத்து, எந்த நொடிக்காக எழுதத் தொடங்கினீர்களோ அதற்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வரிதான் என்றால், பின்னணியிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டி அந்த இடத்தை இதற்குக் கொடுங்கள். உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியாவிட்டாலும் கட்டுரை நிற்கும். அந்த நொடியில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாவிட்டால் நிற்காது.